கதவு கீல் கிரீச் சத்தம்: எந்த எண்ணெய் விடணும், கீலோட பின்ன எப்ப கழட்டணும்?

முத்துநகர்_செல்வம்

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடில வாடகை வீடு, பழைய தேக்கு கதவு, 7 அடி இருக்கும், மூணு இரும்பு கீல். ரூமுக்குள்ள ஆச்சி தூங்குதாங்க, 82 வயசு, ஒரு தடவ முழிச்சா அப்புறம் விடிய விடிய தூக்கம் கிடையாது. நான் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ஒரு மணிக்கு வந்து துணி எடுக்க அந்த கதவ தொறந்தா தெருவுக்கே கேக்கற மாதிரி கிரீச்னு ஒரு சத்தம், மெதுவா தொறந்தா இன்னும் நீளமா கேக்கு. ஆச்சி அவங்களே மாசாமாசம் தேங்காய் எண்ணெய் விடுதாங்க, பத்து நாள் சும்மா இருக்கும், பிறகு முன்ன விட மோசமாயிடுது. கடைல கேட்டா ஒருத்தர் ஸ்ப்ரே வாங்குங்காரு, ஒருத்தர் கிரீஸுங்காரு, பக்கத்து வீட்டு அண்ணாச்சி கீலுக்குள்ள இருக்கற பின்ன கழட்டி கழுவணும்னு சொல்லுதாரு. கதவு விழுந்துருமோன்னு பயமா இருக்கு. எது சரி?

ரகு_தாம்பரம்

சார் முதல்ல அந்த டபிள்யூ டி 40 ஸ்ப்ரே பக்கமே போகாதீங்க, அது எண்ணெயே இல்ல. பேர்லயே இருக்கு, தண்ணிய விரட்டறதுக்குன்னு 1953ல அமெரிக்கால செஞ்ச சாமான், நாப்பதாவது தடவ சரியா வந்ததால 40. அடிச்சா அன்னிக்கு சத்தம் நிக்கும், ஒரு மாசத்துல திரும்பி வரும். நல்ல கிரீஸ் ஒரு டப்பா வாங்கி கீல் மேல சுத்தி நெறைய அப்பி விடுங்க, கதவ நாலு தடவ ஆட்டுங்க, தானா உள்ள போயிடும். எங்க வீட்ல மூணு வருஷமா சத்தமே இல்ல.

காரைக்குடி_வள்ளி

எங்க பாட்டி வீட்டு நடுக்கதவும் இப்படித்தாங்க அலறும், ஆனா அதுல கீலே கிடையாது, கதவோட சட்டத்துலயே மேலயும் கீழயும் குடுமி விட்டு செதுக்கி, மேல உத்தரத்துலயும் கீழ கல்லுக்குழிலயும் உக்கார வச்சிருப்பாங்க. அதுக்கு வெளக்கெண்ணெய்தான், கெட்டியா இருக்கறதால சீக்கிரம் ஓடிடாது. கீழ்க்குழில மண்ணு சேர்ந்துரும், கடப்பாரைய வச்சு கதவ ஒரு விரக்கடை நெம்பி தூக்கிட்டு ஈரத்துணியால அந்த மண்ண எடுத்துட்டு எண்ணெய் விடுவாங்க. உங்களுதும் அப்படி பண்ணி பாருங்களேன்?

ஆசாரிவீட்டு_கணேசன்

வள்ளி அக்கா சொன்னது குடுமிக் கதவுக்கு ரொம்ப சரி, செல்வம் சொல்றது இரும்பு கீல் போட்ட கதவு, அதுக்கு வேலை வேற மாதிரி. மண்ண எடுத்துட்டுத்தான் எண்ணெய் விடணும்னு அவங்க சொன்னாங்கல்ல, அது மட்டும் ரெண்டுக்கும் பொது.

செல்வம், இப்ப எதையும் வாங்காதீங்க. மூணு விஷயம் பாத்து சொல்லுங்க. ஒண்ணு, கதவ மெதுவா ஆட்டச் சொல்லிட்டு ஒவ்வொரு கீல் மேலயும் விரல வச்சு பாருங்க, சத்தம் போடறது விரலுக்கு அதிர்வா தெரியும். பெரும்பாலும் மூணும் கத்தாது, ஒண்ணுதான் கத்தும், நாமதான் மூணுக்கும் எண்ணெய ஊத்திட்டு இருப்போம். ரெண்டு, கைப்பிடி பக்கம் கதவ லேசா மேல தூக்கிப் பிடிச்சுட்டு ஆட்டுங்க, சத்தம் குறையுதா? மூணு, கீலோட உருளை, கரும்புக்கணு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும்ல, அந்த இடுக்குகள்ல என்ன கலர் அழுக்கு இருக்கு, பின்னுக்கு மேல தொப்பி மாதிரி தலை இருக்கா, அடில சின்ன ஓட்டை இருக்கா?

ரகு சார், அந்த ஸ்ப்ரே எண்ணெயே இல்லன்னு சொல்ல முடியாது, கொஞ்சம் எண்ணெய் இருக்கு. கூட கரைப்பான் நெறைய இருக்கு, அது பறந்து போனதும் மிஞ்சறது மெல்லிய படலம்தான், அதான் சீக்கிரம் தேஞ்சிடுது. பழைய பிசுக்க கரைச்சு எடுக்க அது நல்லது. எடுத்துட்டு துடைச்சுட்டு மேல வேற எண்ணெய் விடணும், அத யாரும் பண்றதில்ல.

முத்துநகர்_செல்வம்

பாத்துட்டேன் அண்ணே. நடு கீல்ல அதிர்வே இல்ல, அடிக் கீல்ல லேசா இருக்கு, மேல் கீல்தான் விரல் கூசற அளவுக்கு அதிருது. கதவ தூக்கிப் பிடிச்சா சத்தம் பாதியா குறையுது, முழுசா நிக்கல. தொப்பி இருக்கு, அடில ஓட்டையும் இருக்கு, மூணுலயும். இடுக்குல கருப்பா மை மாதிரி, தொட்டா விரல் ரேகைக்குள்ள போய் உக்காந்துக்குது, சோப்பு போட்டாலும் போகல. அடிக் கீல்ல மட்டும் செம்மண் கலர்.

ஆசாரிவீட்டு_கணேசன்

அப்ப கதை தெளிவாயிடுச்சு. கருப்பு மைன்னா இரும்போட இரும்பு உரசி தேஞ்ச தூளு, தேங்காய் எண்ணெயோட சேர்ந்து பசை ஆயிருக்கு. செம்மண் கலர் துரு, உங்க ஊர் உப்புக்காத்துக்கு அது வரத்தான் செய்யும், அதுவும் அடிக் கீல்னா வீடு கழுவற தண்ணி தெறிச்சிருக்கும்.

ஒரு விஷயம் பல பேருக்கு தெரியாது. கதவோட எடை பின்னு மேல உக்காரல. கதவுப்பக்க கணு, நிலைப்பக்க கணு மேல உக்காந்திருக்கு, அந்த ரெண்டு வளையமும் ஒண்ணு மேல ஒண்ணு தேய்க்கற இடத்துலதான் எடை முழுக்க. தூக்கிப் பிடிச்சதும் சத்தம் பாதியா குறைஞ்சதே அதுக்குத்தான். மேல் கீல்ல இன்னொண்ணும் இருக்கு, கதவு முன்பக்கமா சாயப் பாக்கும், அத இழுத்துப் பிடிக்கறது மேல் கீல், அதனால அங்க பின்னும் ஒரு பக்கமா அழுந்தி உரசும். மிச்சப் பாதி சத்தம் அது. ஆச்சி தொப்பி மேல ஊத்தற எண்ணெய் இந்த ரெண்டு இடத்துக்கும் சரியா போகாது, வழிஞ்சு நிலைச்சட்டத்துல கறையாகும், உள்ள போன கொஞ்சமும் தூசிய பிடிச்சு வச்சுக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழி குளிர்ல உறையும் வேற, நாளானா சிக்கு வாடை வந்து பிசுபிசுன்னு ஆயிடும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இன்னும் மோசம், வார்னிஷ் மாதிரி காஞ்சு ஒட்டிக்கும்.

பின்ன எப்ப கழட்டணும்னு கேட்டீங்க. முதல் தடவ சத்தம் வந்தா கழட்ட வேணாம். தொப்பிய அரை அங்குலம் மேல தட்டி எழுப்பி, அந்த வெறும் பின்னு மேல தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஒவ்வொரு கணு இடுக்குலயும் ரெண்டு சொட்டு விட்டு, கதவ இருபது தடவ ஆட்டிட்டு பின்ன திரும்ப தட்டி எறக்குங்க. மெடிக்கல்ல கிடைக்கற சிரிஞ்சுல எண்ணெய் எடுத்தா இடுக்குல குறி பாத்து விடலாம். ஆட்டும்போது கீழ வடியறத வெள்ளைத் துணில ஒத்தி பாருங்க. எண்ணெய் தெளிவா வந்தா வேலை முடிஞ்சது. கருப்பாவோ துருவாவோ வந்துட்டே இருந்தா, இல்ல ரெண்டு மூணு வாரத்துல சத்தம் திரும்பி வந்தா, கழட்டித்தான் ஆகணும், உள்ள இருக்கற தூளு உப்புத்தாள் மாதிரி பின்ன தின்னுட்டு இருக்கும். உங்களுக்கு பத்து நாள்லயே திரும்புது, கருப்பும் இருக்கு. கழட்டுங்க.

பயப்படாதீங்க. கீல் உருளை தெரியற பக்கம், அதாவது ரூமுக்கு உள்ள நின்னு, கதவ சாத்தி தாழ்ப்பாள் போட்ருங்க. கைப்பிடி ஓரமா கதவுக்கு அடில அட்டைய மடிச்சு ஆப்பு மாதிரி சொருகுங்க, தூக்க வேணாம், எடை தாங்கினா போதும். அடிக் கீல்ல ஆரம்பிங்க, ஒரு நேரத்துல ஒரு பின்னுதான் வெளில இருக்கணும், அத திரும்ப போட்டுட்டுத்தான் அடுத்தது. ஓட்டைல ஆணிய வச்சு கீழருந்து மேல தட்டுங்க. ஒரு அங்குலம் எழும்பினா தொப்பிய பிடிச்சு திருகி இழுத்தா வரும்.

பின்ன மண்ணெண்ணெய்ல ஊற வச்சு துணியால துடைங்க, துரு இருந்தா வழவழப்பான உப்புத்தாள், 400 நம்பர் போதும், நீளவாக்குல தேய்க்காம சுத்தி சுத்தி தேய்ங்க. உருளை உள்ளயும் அழுக்கு இருக்கு, பின்னுலதான் கண்ணு போகும், உள்ள யாரும் பாக்கறதில்ல. கம்பில துணி சுத்தி மண்ணெண்ணெய்ல நனைச்சு மேலருந்து கீழ இழுங்க, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். அப்புறம் காய விட்டு, பின்னு முழுக்க கிரீஸ் மெல்லிசா, பின்னோட கலர் மங்கலா தெரியற அளவுக்கு மட்டும் தடவி எறக்குங்க. பக்கத்துல விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேணாம். ஆச்சி அந்நேரம் வேற ரூம்ல இருக்கட்டும், மண்ணெண்ணெய் வாடை அவங்களுக்கு ஆகாது.

பிரியா_கோவை

நடுவுல கேக்கறேன் மன்னிக்கவும். எங்க ப்ளாட்ல எல்லா கதவுக்கும் ஸ்டீல் கீல், பளபளன்னு இருக்கும், தொப்பியும் இல்ல ஓட்டையும் இல்ல, ரெண்டு பக்கமும் சமமா மூடியிருக்கு. பாத்ரூம் கதவு மட்டும் கத்துது. ஆணி வச்சு தட்டினேன், பின்னு நகரவே இல்ல, கீல்ல கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

ஆசாரிவீட்டு_கணேசன்

பிரியா மேடம் இனிமே தட்டாதீங்க, அது கழட்டற பின்னே இல்ல, ரெண்டு முனையும் அடிச்சு மூடினது. நம்மூர் கடைல இப்ப விக்கறதுல பாதிக்கு மேல அந்த மாதிரிதான் நான் பாக்கறேன். அதுக்கு கணு இடுக்கு வழியாவே கழுவணும். கதவ பாதி தொறந்து வச்சு கீழ துணி விரிச்சு, சிரிஞ்சுல மண்ணெண்ணெய் எடுத்து ஒவ்வொரு இடுக்குலயும் விட்டு கதவ ஆட்டி ஆட்டி துடைங்க, அழுக்கு வடியறது நிக்கற வரைக்கும். பாலிஷ் மேல படாம உடனே துடைச்சுடணும். ஒரு மணி நேரம் விட்டு தையல் மிஷின் எண்ணெய். அதுக்கும் நிக்கலன்னா கீலையே கழட்டி ராத்திரி முழுக்க ஊற வைக்கணும், அதுக்கு கதவ பிடிக்க இன்னொரு ஆள் வேணும், தனியா பண்ணாதீங்க.

முக்கியமா ஸ்டீல் கீல இரும்பு நார் வச்சு தேய்க்காதீங்க. அந்த இரும்புத்தூள் ஸ்டீல் மேல ஒட்டிக்கிட்டு அதுவே துரு புள்ளியா வரும், எல்லாரும் ஸ்டீல் துருப்பிடிச்சுதுன்னு நெனைப்பாங்க. பாத்திரம் தேய்க்கற பச்சை நார் போதும்.

யாழ்_தவம்

நாங்கள் இந்தக் கீலைப் பிணைச்சல் எண்டுதான் சொல்லுறனாங்கள். எங்கட வீட்டில மெழுகுதிரியை உருக்கி அதுக்குள்ள பிணைச்சல் ஆணியைத் தோய்ச்சு எடுத்து, காய்ஞ்ச பிறகு திரும்பப் போடுறது. எண்ணெய் மாதிரி வழியாது, கதவு நிலையில கறுப்புக் கறையும் வராது. எங்கட அறைக் கதவு போன தைப்பொங்கலுக்குச் செய்தது, இண்டைக்கும் சத்தம் இல்லை. கிறீஸ் பூசினால் பிள்ளையள் கையை வைச்சுப் பிறகு சுவரெல்லாம் பூசுங்கள்.

ஆசாரிவீட்டு_கணேசன்

மெழுகு நானும் போட்டிருக்கேன் அண்ணே, லேசான கதவுக்கு சுத்தமான வேலை. கனமான தேக்குக்கு கணு அழுந்தற இடத்துல மெழுகு நசுங்கி வெளில வந்துருது, அங்க திரும்ப இரும்பும் இரும்பும்தான். உங்க கதவு என்ன மரம்?

யாழ்_தவம்

வேம்பு. பாரமில்லை, ரெண்டு பிணைச்சல்தான்.

முத்துநகர்_செல்வம்

ஞாயித்துக்கிழமை பண்ணிட்டேன், நடந்தத முழுசா எழுதுதேன், யாருக்காவது உதவும்.

மண்ணெண்ணெய்க்கே ரெண்டு நாள் அலைஞ்சேன், ரேஷன்லயும் இப்ப கிடைக்கல, கடைசில மோட்டார் ரிப்பேர் பண்ற தம்பி ஒரு பாட்டில்ல கொடுத்தான். அடிக் கீல்ல ஆரம்பிச்சேன், பின்னு அசையவே இல்ல. ரெண்டு இஞ்ச் ஆணி வளைஞ்சு போச்சு. பலமா அடிக்க மனசு வரல, கீல் தகடு வளைஞ்சா வீட்டுக்காரருக்கு பதில் சொல்லணும். இடுக்குல மண்ணெண்ணெய் விட்டு அப்படியே விட்டுட்டு நடு கீலுக்கு போனேன், அது நாலே தட்டுல வந்துட்டு. பின்னுல தேங்காய் எண்ணெய் பழுப்பா, பாகு மாதிரி, நகத்தால சுரண்டினா சுருண்டு வந்துச்சு. சாயங்காலம் திரும்ப அடிக் கீல்ல நுனி தட்டையா தேய்ச்ச நாலு இஞ்ச் ஆணிய வச்சு சின்னச் சின்னதா தட்டினேன், பத்து நிமிஷத்துல எழும்பிட்டு. துரு மட்டும்தான், தேய்ச்சதும் சுத்தமாயிட்டு.

மேல் கீல்தான் விஷயம். பின்ன வெளில எடுத்து துடைச்சு ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன், மேல் முனைலருந்து ஒரு அங்குலம் கீழ ஒரு பக்கம் மட்டும் பளிச்சுன்னு தேஞ்சிருக்கு, நகத்த ஓட்டினா அந்த இடத்துல டக்குனு ஒரு பள்ளத்துல இறங்குது. மறுபக்கம் பழைய கருப்பு அப்படியே இருக்கு. அண்ணே சொன்ன மாதிரி ஒரு பக்கமாவே அழுந்தியிருக்கு. கம்பித்துணி பதினோரு தடவ இழுத்த பிறகுதான் வெள்ளையா வந்துச்சு, எண்ணிக்கிட்டே இழுத்தேன்.

கிரீஸ் போட்டு மாட்டியாச்சு. கிரீச் சத்தம் போயிட்டு. ஆனா மேல் கீல்ல கதவு பாதி வரும்போது டொக்னு ஒரு சின்ன சத்தம் புதுசா இருக்கு.

ரகு_தாம்பரம்

நான் சொன்ன கிரீஸ்தானே கடைசில வேலை பண்ணுச்சு. இன்னும் கொஞ்சம் நெறைய வச்சிருந்தா அந்த டொக்கும் வந்திருக்காது.

ஆசாரிவீட்டு_கணேசன்

கிரீஸ் நல்ல சாமான்தான் ரகு சார், நான் மறுக்கல, ஆனா வெளில அப்பினா உள்ள போகாது. அது எண்ணெய் மாதிரி இடுக்குல ஏறாது, பின்ன கழட்டி தடவினா மட்டும்தான் போய் சேரும். வெளில இருக்கறது தூசிய பிடிக்கும். உங்க வீட்ல மூணு வருஷம் நின்னுச்சுன்னா கீல் புதுசா இருந்திருக்கும்னு நெனைக்கறேன்.

செல்வம், அந்த டொக் எண்ணெய் விஷயம் இல்ல. பின்ன 180 டிகிரி திருப்பி, தேயாத பக்கம் அழுந்தற மாதிரி போட்டு பாருங்க. பின்ன மாட்டறதுக்கு முன்னாடி மேஜை ஓரத்துல, தொப்பி வெளில நீட்டிட்டு இருக்கற மாதிரி வச்சு உருட்டுங்க, தத்தி தத்தி ஓடினா வளைஞ்சிருக்கு. அப்படியே மேல் கீல்ல ஸ்க்ரூ எல்லாம் திருப்புளி வச்சு பாருங்க, எதாவது சும்மா சுத்திக்கிட்டே இருந்தா கீல் தகடு நிலையிலருந்து லேசா எழும்பி எழும்பி உக்காருது, டொக்குக்கு அதுதான் காரணமா இருக்கும்.

ரகு_தாம்பரம்

எங்க வீட்டு கீல் 2009ல போட்டது, புதுசு இல்ல. நான் கண்ணால பாத்தத சொல்றேன்.

பிரியா_கோவை

கணேசன் சார் நன்றி, சிரிஞ்சு வச்சு கழுவினேன், சாம்பல் கலர்ல வடிஞ்சுது, நாலாவது தடவ தெளிஞ்சுது. எண்ணெய் விட்டதும் அமைதி. ஆனா குளிச்சு முடிச்சதும் மட்டும் லேசா ஒரு முனகல் வருது, மத்த நேரம் இல்ல. அது கீல்தானா இல்ல கதவு ஈரத்துல ஊதி நிலைல உரசுதான்னு தெரியல.

ஆசாரிவீட்டு_கணேசன்

கதவு ஓரத்துல சாக்பீஸ் தேய்ச்சு ஈரமா இருக்கற நேரம் சாத்தி தொறங்க. நிலைல எங்க வெள்ளை ஒட்டுதோ அங்க உரசுது. ஒட்டலன்னா கீல் தான்.

முத்துநகர்_செல்வம்

மூணு வாரம் ஆச்சு, சொல்லணும்னு வந்தேன். பின்னு மேஜைல நேரா உருண்டுச்சு, வளையல. திருப்பிப் போட்டேன். மேல் கீல்ல நாலு ஸ்க்ரூல ரெண்டு சும்மா சுத்துச்சு, ஓட்டை பெருசாயிட்டு. தீக்குச்சி மருந்து முனைய வெட்டிட்டு ஓட்டைக்கு மூணு குச்சி வீதம் மரப்பசைல தோய்ச்சு சொருகி, மறுநாள் காலைல ஸ்க்ரூவ ஏத்தினேன், இப்ப பிடிச்சு நிக்கி. கிரீச் இல்ல. டொக் ரொம்ப குறைஞ்சிருக்கு, காத வச்சு கேட்டா தெரியுது. அந்த பள்ளம் விழுந்த பின்ன மாத்திருவோம்னு கீல் கடைல தேடினேன், பின்னு மட்டும் தனியா தர மாட்டேங்காங்க, முழு கீல்தான் வாங்கணுமாம், பழைய கீல் அளவு புதுசுல வரவும் இல்ல, தகட்டுக்கு மரத்துல வெட்டின குழி வேற.

நேத்து ராத்திரி ஒரு மணிக்கு கதவ தொறந்து துணி எடுத்துட்டு வந்தேன், ஆச்சி புரண்டு கூட படுக்கல. காலைல எந்திரிச்சு நீ ராத்திரி வரவே இல்லயாலன்னு கேட்டாங்க. தேங்காய் எண்ணெய் கிண்ணத்த கீல் பக்கத்துலருந்து எடுத்து அடுப்படில வச்சுட்டேன்.

கணேசன் அண்ணே, அந்த பின்னு அளவுக்கு லேத் பட்டறைல கம்பி வெட்டி போடலாமா, இல்ல கீலையே மாத்தணுமா?

ஆசாரிவீட்டு_கணேசன்

பழைய பின்ன கைல எடுத்துட்டே பட்டறைக்கு போங்க, தேயாத முனைய அளந்து அதே தடிமன்ல வெட்டச் சொல்லுங்க, சாதா இரும்பே போதும். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு, பின்னு தேஞ்ச அளவுக்கு உருளை உள்ளயும் ஒரு பக்கம் தேஞ்சு முட்டை வடிவமா ஆயிருக்கும், அப்படின்னா புது பின்னும் லேசா ஆடத்தான் செய்யும். பழைய பின்ன எடுத்துட்டு அந்த உருளைக்குள்ள டார்ச் அடிச்சு ஒரு போட்டோ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.